புது சப்ளையரின் ஜிஎஸ்டி எண்: எங்கே பார்ப்பது, எதுவரை பார்ப்பது

புது சப்ளையர் ஒருவரிடம் விலை கேட்டால், விலைப்பட்டியலோடு ஜிஎஸ்டி சான்றிதழும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. மூன்று பக்க பிடிஎஃப். அதைத் திறந்து, எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் உஷாரானவர்கள் அந்த எண்ணை ஏதாவது ஒரு தேடல் தளத்தில் போட்டு 'Active' என்று வந்தால் திருப்தியாகிவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அதோடு நிறுத்திக்கொண்டவன்தான்.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம். 4,00,000 ரூபாய்க்கு மின்வயர் வாங்குகிறோம். 18 சதவீதம் வரி, அதாவது 72,000. மொத்த பில் 4,72,000. இந்த 72,000 நமக்குச் செலவு இல்லை, நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் விலையை ஒப்பிடுகிறோம். அந்த நம்பிக்கை நம் கையில் இல்லை, சப்ளையர் கையில் இருக்கிறது. அவர் தன் விற்பனை விவரமான GSTR-1-இல் நம் பில்லைக் காட்டினால்தான் அது நம் கிரெடிட் பட்டியலான GSTR-2B-இல் வரும். 2022 ஜனவரி 1 முதல் அப்படி வந்தால்தான் கிரெடிட் எடுக்க முடியும். அதற்கு மேல், அவர் வாங்கிய வரியை அரசுக்குக் கட்டியும் இருக்க வேண்டும். ஆகவே எண்ணைச் சரிபார்ப்பது என்றால் உண்மையில் இரண்டு கேள்விகள்: இந்த எண் இவருடையதுதானா? இவர் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவரா? ஒவ்வொரு வழியும் இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு பதில் சொல்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

சான்றிதழ் நகல்

சான்றிதழ், பதிவு கிடைத்த நாளின் நிலையைச் சொல்கிறது. அதற்கு மறுமாதமே பதிவு ரத்தாகியிருந்தாலும் பிடிஎஃப்பில் ஒரு எழுத்துகூட மாறாது. பிடிஎஃப்பில் பெயரை மாற்றுவதும் இன்று பெரிய வித்தை இல்லை. அதனால் இதை மட்டும் நம்பி வாங்குவது சரியில்லை.

ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். கூடுதல் கிளைகள், கிடங்குகளின் முகவரிகள் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். உரிமையாளர் அல்லது பங்குதாரர்களின் பெயரும் படமும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். தளத்தில் வரும் விவரத்தோடு ஒப்பிட இவை உதவும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதுவே நமக்கு வேண்டிய பதில்.

தனியார் தேடல் தளங்களும் செயலிகளும்

இவற்றின் வசதி, பெயரைப் போட்டே எண்ணைத் தேடலாம் என்பது. அரசுத் தளத்தில் சாதாரணப் பதிவுதாரரைப் பெயரால் தேட முடியாது. எண்ணோ பான் எண்ணோ வேண்டும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தனித் தேடல் உண்டு. ஆகவே எண்ணைக் கண்டுபிடிக்கத் தனியார் தளம் பயன்படும். ஆனால் அங்கே காட்டும் நிலை எந்தத் தேதியில் எடுத்து வைத்தது என்று பல தளங்களில் தெரியாது. நிலை மாறியிருக்கிறதா என்பதுதான் நம் கேள்வியே. பழைய பதிலை வைத்து என்ன செய்வது?

அரசுத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பது

`www.gst.gov.in` என்று நாமே தட்டச்சு செய்து போக வேண்டும். சப்ளையர் அனுப்பிய இணைப்பை அழுத்திப் போகக்கூடாது. மேலே Search Taxpayer என்ற பகுதியில் Search by GSTIN/UIN. எண்ணைப் போட்டு, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டினால் விவரம் வந்துவிடும். லாகின் தேவையில்லை, கட்டணம் இல்லை, இரண்டு நிமிட வேலை.

எண்ணைப் போடும் முன்பே அதன் அமைப்பைப் பார்த்தால் கொஞ்சம் விஷயம் தெரியும். 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 27 என்றால் மகாராஷ்டிரா. அடுத்த பத்தும் பான் எண். 13-ஆவது இலக்கம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. 14-ஆவது வழக்கமாக Z. கடைசி, மற்ற பதினான்கிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து. பான் பகுதியின் நாலாவது எழுத்தையும் கவனியுங்கள். P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. விசிட்டிங் கார்டில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருக்கிறார், எண்ணில் P இருக்கிறது என்றால் அந்த எண் அந்தக் கம்பெனியுடையது அல்ல. தளத்தைத் திறக்காமலேயே இது தெரிந்துவிடும். (கடைசி எழுத்து சரியாக இருந்தால் எண் உண்மை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கத்தான். கணக்கு தெரிந்த எவரும் பொருந்துகிற எழுத்தைப் போட்டுவிடலாம்.)

விவரம் வந்ததும் நிலையைப் பார்க்கிறோம். Active என்றால் மேலே போகலாம். Suspended என்றால் நின்றுவிட வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் வரிக்குரிய விற்பனையே செய்யக்கூடாது. "சின்னப் பிரச்சினை சார், ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகட்டும், அப்புறம் வாங்கலாம். Cancelled என்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து Taxpayer Type. அங்கே Regular என்று இருந்தால் நல்லது. Composition என்று இருந்தால், அவர் பில்லில் வரி போட்டு வசூலிக்கவே கூடாது. அப்படிப்பட்டவர் 18 சதவீதம் போட்டு விலைப்புள்ளி அனுப்பியிருந்தால், அந்த 72,000 நமக்குக் கிரெடிட்டாக வராது. எண் உண்மை, நிலை Active, ஆனாலும் பணம் போகும். Active மட்டும் பார்த்து நிறுத்துகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும்.

இந்தப் பக்கத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது பெயரில்தான். இரண்டு பெயர்கள் இருக்கும். Trade Name என்பது கடைப் பலகையில் இருப்பது. Legal Name of Business என்பது பான் அட்டையில் இருப்பது. பலரும் கடைப் பெயர் ஒத்துப்போனதும் நிறுத்திவிடுகிறார்கள். கடைப் பெயர் யாரும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு கடை இருக்கும். பார்க்க வேண்டியது சட்டப் பெயர், அதுவும் பணம் போகப் போகிற வங்கிக் கணக்கின் பெயரோடு சேர்த்து.

எனக்கு நடந்தது இதுதான். ஒருவரிடம் சரக்கு பேசினேன். எண் Active, கடைப் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரி, முகவரியும் சரி. பணம் அனுப்பும்போது கணக்குப் பெயர் வேறாக இருந்தது. கேட்டால் "அது அண்ணன் பேர்ல இருக்கிற ஜிஎஸ்டி, நாங்க ஒரே குடும்பம்தான்" என்றார். குடும்பத்தில் தவறில்லை. ஆனால் அண்ணனின் ரிட்டர்னில் தம்பியின் விற்பனை ஏறுமா என்பது அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவரோ இவரிடம் பேசுவதை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. எண் உண்மையானது என்பதும், எதிரே நிற்பவருடையது என்பதும் வேறு வேறு. அரசுத் தளம் முதலாவதை மட்டும்தான் உறுதியாகச் சொல்லும். இரண்டாவதை வங்கிக் கணக்குப் பெயர், சான்றிதழில் உள்ள படம், கிடங்கின் வாசலில் உள்ள பலகை இவற்றை வைத்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வாசல் பலகையில் ஜிஎஸ்டி எண் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. நேரில் போனால் ஒரு படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

கையாளும் சரக்கு விவரத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். வயர் விற்கிறவர் பக்கத்தில் மின்பொருள் எதுவுமே இல்லாமல், பதிவுத் தேதியும் போன மாதமாக இருந்தால் நான் யோசிப்பேன். ஆனால் இந்தப் பட்டியலைப் பலர் புதுப்பிப்பதே இல்லை. அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்க மாட்டேன்.

ரிட்டர்ன் அட்டவணை

அதே பக்கத்தின் கீழே Show Filing Table என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நிதியாண்டைத் தேர்ந்தெடுத்தால் அவர் எந்த மாதத்தின் GSTR-1, GSTR-3B-ஐ எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்று வரும். முதல் கேள்விக்கு மேலே பார்த்த விவரம் பதில் என்றால், இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். பெரிய தொகைக்கு வாங்குகிறவர் இதைப் பார்க்காமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை.

நம் வயர் சப்ளையரின் அட்டவணையை செப்டம்பர் 5-ஆம் தேதி திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாத GSTR-3B மே 20-இல் தாக்கலாகியிருக்கிறது, கெடு தேதியிலேயே. மே மாத GSTR-1 ஜூன் 10-இல், அதுவும் சரி. ஆனால் மே மாத 3B ஆகஸ்ட் 28-இல். ஜூன் மாத GSTR-1 ஆகஸ்ட் 28. ஜூன் 3B ஆகஸ்ட் 28. ஜூலை GSTR-1 ஆகஸ்ட் 28. ஜூலை 3B வரிசையிலேயே இல்லை.

ஒரே நாளில் நாலு தாக்கல். இது ஏன் இப்படி வருகிறது? GSTR-1 என்பது விற்பனை விவரம், 3B என்பது வரி கட்டும் ரிட்டர்ன். ஒரு மாதத்தின் 3B தாக்கலாகவில்லை என்றால் அடுத்த மாதத்தின் GSTR-1-ஐத் தளம் ஏற்காது. மே மாத வரியைக் கட்ட அவரிடம் பணம் இல்லை. அதனால் ஜூன் மாத விற்பனை விவரமும் நின்றுபோனது. ஆகஸ்ட் கடைசியில் பணம் புரட்டியோ, நோட்டீஸ் வந்தோ, மொத்தமாகக் கட்டியிருக்கிறார். ஜூலைக்கு மறுபடி கையில் பணம் இல்லை. கெடுவான ஆகஸ்ட் 20 தாண்டிவிட்டது.

ஜூனில் இவரிடம் வாங்கியிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும்? பில் ஜூலை 14-இல் நம் 2B-இல் வந்திருக்க வேண்டும், ஜூலை 20-இல் கிரெடிட் எடுத்திருப்போம். அவர் ஆகஸ்ட் 28-இல் தாக்கல் செய்ததால், செப்டம்பர் 14-இல் உருவாகும் 2B-இல்தான் வரும். 72,000 ரூபாய் இரண்டு மாதம் நம் கையை விட்டு வெளியே நிற்கும். 12 சதவீத வட்டிக் கடனில் தொழில் ஓடுகிறது என்றால் 1,440 ரூபாய் நஷ்டம். அது தாங்கக்கூடியதுதான்.

தாங்க முடியாதது அடுத்த கட்டம். அவர் GSTR-1-ஐ மட்டும் போட்டுவிட்டு 3B-ஐப் போடவே இல்லை என்றால், பில் நம் 2B-இல் வந்திருக்கும், கிரெடிட்டும் எடுத்திருப்போம். நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள் அவர் 3B போடவில்லை என்றால், நவம்பர் 30-க்குள் நாம் எடுத்த கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். தவறினால் 18 சதவீத வட்டி சேரும். பின்னால் அவர் தாக்கல் செய்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். செய்தால்தானே.

மாதாந்திர ரிட்டர்ன் போடுகிறவர் ஆறு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்பே பக்கம் Suspended ஆகிவிடலாம். ஆனால் அதுவரை மேலே Active என்றுதான் இருக்கும். நாம் பார்த்த வயர் சப்ளையரும் செப்டம்பர் 5-இல் Active-தான்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் இடையில் சில மாதங்களுக்கு 3B இல்லை என்றதும் அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை 3B போடலாம். அவர்கள் அட்டவணையில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று மட்டும்தான் வரும். அது ஒழுங்கான தாக்கல். ஆனால் நமக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டும்: இடைப்பட்ட இரண்டு மாதங்களின் பில்களை அவர் IFF என்ற வசதியில் ஏற்றுகிறாரா? அது அவர் விருப்பம்தான். ஏற்றாவிட்டால் ஏப்ரலில் வாங்கியதன் கிரெடிட் ஜூலையில்தான் வரும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிரச்சினை இல்லை.

பான் எண்ணால் தேடுவது

இது கூடுதலாக ஒரு நிமிடம். Search by PAN-இல் அந்தப் பத்து எழுத்துகளைப் போட்டால், அதே பான் எண்ணில் நாடு முழுக்க உள்ள பதிவுகளும் அவற்றின் நிலையும் வரும். இரண்டு மாநிலத்தில் ரத்து, மூன்றாவது மாநிலத்தில் போன மாதம் புதிதாக எடுத்தது என்று வந்தால் அட்டவணை சொல்லாத கதையை இது சொல்லும். அட்டவணை காலியாக இருக்கும் புதுப் பதிவுகளுக்குத்தான் இந்தத் தேடல் மிகவும் பயன்படும். கிளையை மூடியதால் ரத்தானதும் இருக்கும் என்பதால் காரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரே ஒருமுறை வாங்குவதற்கு நிலை, வரித் திட்டம், சட்டப் பெயர் மூன்றும் போதும். கிரெடிட்டே எடுக்காதவர்களுக்கு, காம்போசிஷனில் இருப்பவர்களைப் போல, அட்டவணை அவ்வளவு முக்கியமில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி வசூலிக்கிறாரா என்று பார்த்தால் போதும். கிரெடிட்டை நம்பி விலை பேசுகிறவர்களுக்கு அட்டவணைதான் முதல் வேலை.

இதையெல்லாம் பார்த்தாலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பதிவை முன்தேதியிட்டு ரத்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. இன்று Active என்று பார்த்து வாங்கியது, அடுத்த வருடம் "அன்றைக்கே ரத்து" என்று மாறலாம். அதனால் பார்த்த பக்கத்தையும் அட்டவணையையும் தேதி தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்து பில்லோடு வைத்துவிடுகிறேன். லாரி வாடகை ரசீதும் எடைச் சீட்டும் அதே கோப்பில். கேள்வி வந்தால், சரக்கு உண்மையாக வந்தது, நாம் பார்த்துத்தான் வாங்கினோம் என்று காட்ட வேறு வழி இல்லை. பேச்சு தொடங்கிய நாளில் ஒருமுறை, பில் போடுகிற நாளில் ஒருமுறை என்று இரண்டு தடவை பார்ப்பதும் இதனால்தான்.

வயர் விஷயத்துக்கு வருவோம். இன்னொரு சப்ளையர் 4,09,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம், வரி தனி. இவருடைய அட்டவணையில் இரண்டு வருடமாக ஒரு தேதிகூடத் தவறவில்லை. வித்தியாசம் 9,000. பணயத்தில் இருப்பது 72,000, அதாவது எட்டு மடங்கு. முதலாமவரைப் போன்ற எட்டுப் பேரில் ஒருவர் வரி கட்டாமல் போனால்கூட 9,000 மிச்சம் என்ற கணக்கு அங்கேயே தீர்ந்துபோகும். அந்த ஆகஸ்ட் 28 வரிசையைப் பார்த்த பிறகு எட்டில் ஒன்றுக்குக் கீழே என்று என்னால் சொல்ல முடியாது.

முதலாமவரிடம்தான் வாங்கியாக வேண்டும், அந்த ரகம் வேறு யாரிடமும் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. சரக்கு மதிப்பான 4,00,000-ஐக் கொடுத்துவிட்டு, வரித் தொகை 72,000-ஐ பில் நம் 2B-இல் வந்து, அந்த மாத 3B-யும் அட்டவணையில் ஏறிய பிறகு கொடுக்கிறேன் என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை மட்டும் மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் கொடுக்காத பகுதிக்கான கிரெடிட்டை நாமே திருப்ப வேண்டிவரும். ஒழுங்காகத் தாக்கல் செய்கிறவர்கள் இந்த நிபந்தனைக்கு முணுமுணுத்தபடியாவது ஒத்துக்கொள்கிறார்கள். "எங்களிடம் அப்படியெல்லாம் வழக்கம் இல்லை, முழுப் பணமும் முன்கூட்டியே" என்று சொன்னால், நான் 9,000 கூடக் கொடுத்து இரண்டாமவரிடம் வாங்கிவிடுவேன்.